தசையை நினைத்துத் தூக்கினால் தசை கூடுதலாக வளருமா?

பையன் பாரை இரு கையாலும் பிடித்து மடக்கித் தூக்குகிறான். முதல் ஐந்தாறு முறை ஒழுங்காகப் போகிறது. எட்டாவது முறை இடுப்பு முன்னால் தள்ளுகிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது, பார் எப்படியோ மார்புவரை வந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் மாஸ்டர் அவன் மேற்கையில் இரண்டு விரலை வைத்து அழுத்துகிறார். “வெயிட்டைத் தூக்கணும்னு நினைக்காத தம்பி. இங்க இருக்கிற பைசெப்ஸைச் சுருக்கு. மனசு இங்கயே இருக்கட்டும்.”

உலகம் முழுக்க ஜிம்களில் இந்த அறிவுரை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. ‘மைண்ட்-மஸில் கனெக்‌ஷன்’ என்று அதற்குப் பெயரும் உண்டு. வேலை செய்யும் தசைமேல் முழுக் கவனத்தையும் வைத்தால் அந்தத் தசை கூடுதலாக வளரும் என்பது நம்பிக்கை. அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் பைசெப்ஸ் பயிற்சி செய்யும்போது தன் கைத்தசைகள் மலைகளாக எழுவதைப் போல மனக்கண்ணில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் கையைப் பார்த்த தலைமுறைக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஆனால் அவர் தூக்கிய எடை, செய்த செட்களின் எண்ணிக்கை, பிறவியிலேயே வாய்த்த உடல்வாகு, அந்தக் காலத்துப் பாடிபில்டர்கள் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டுகள் என எல்லாமே அந்தக் கையில் கலந்திருக்கின்றன. இவற்றில் கவனத்தின் பங்கு எவ்வளவு என்று அந்தக் கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே பயிற்சியை இரண்டு குழுவுக்குக் கொடுத்து, மனத்தை வைக்கும் இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் அது தெரியும். அப்படி ஒரு சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது.

நியூயார்க்கின் லீமன் கல்லூரியைச் சேர்ந்த பிராட் ஷோன்ஃபெல்டு, தசை வளர்ச்சி ஆய்வில் நன்கு அறியப்பட்டவர். அவரும் சக ஆய்வாளர்களும் அதற்குமுன் எடைப்பயிற்சி செய்திராத, கல்லூரி வயது இளைஞர்கள் 30 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி இரண்டே இரண்டுதான். ஒன்று, நின்றபடி கையை மடக்கித் தூக்கும் கர்ல். மற்றொன்று, மெஷினில் உட்கார்ந்து காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொன்றிலும் நான்கு செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை, மொத்தம் எட்டு வாரம். இரு குழுவுக்கும் இதெல்லாம் ஒன்றே. ஒரு குழுவிடம் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தசையை இறுக்கிச் சுருக்கும்படி சொன்னார்கள். மற்றக் குழுவிடம் எடையை மேலே கொண்டுபோகும்படி சொன்னார்கள். வித்தியாசம் அந்த ஒரு சொல்லில்தான்.

எட்டு வாரம் கழித்து அல்ட்ராசவுண்டில் தசையின் தடிமனை அளந்தார்கள். தசையை நினைத்துத் தூக்கியவர்களின் மேற்கை முன்பக்கத் தசை 12.4 சதவீதம் தடித்திருந்தது. எடையை நினைத்துத் தூக்கியவர்களுக்கு 6.9 சதவீதம். பெயர்பெற்ற ஜிம் நம்பிக்கை ஒன்றுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து இவ்வளவு தெளிவான ஆதரவு கிடைப்பது அபூர்வம். அதனால் இந்தச் செய்தி உடற்பயிற்சி உலகில் வேகமாகப் பரவியது. பரவியபோது அதன் மறுபாதி உதிர்ந்துவிட்டது. அதே ஆட்கள், அதே எட்டு வாரம், அதே அறிவுரை, ஆனால் தொடைத் தசையில் இரு குழுவுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை.

கையில் வேலை செய்த மந்திரம் காலில் ஏன் வேலை செய்யவில்லை? இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தசை வளர்வதற்கு முதன்மைக் காரணம் அதன் இழைகள்மேல் விழும் இழுவிசை. மூளை ஒரு தசையைச் சுருங்கச் சொல்லும்போது எல்லா இழைகளும் ஒன்றாக எழுந்துவிடுவதில்லை. சிறிய நரம்பணுக்களும் அவற்றின் கீழுள்ள இழைகளும் முதலில் வேலைக்கு வரும். தேவை கூடக் கூடப் பெரியவை வந்து சேரும். எல்வுட் ஹென்னமன் என்ற உடலியல் அறிஞர் 1950களிலும் 60களிலும் நிறுவிய விதி இது. வளரும் ஆற்றல் மிகுந்தவை கடைசியாக வரும் அந்தப் பெரிய இழைகள். அவற்றை வேலைக்கு இழுக்க இரண்டு வழி உண்டு. எடை மிக அதிகமாக இருக்க வேண்டும், அல்லது மிதமான எடையை இனி முடியாது என்ற நிலைவரை தூக்க வேண்டும்.

கவனம் இதில் எங்கே நுழைகிறது? ஸ்பெயினைச் சேர்ந்த ஹோவாகின் கலடாயுடும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. பெஞ்ச் பிரஸ் பழகிய 18 ஆண்களின் மார்பிலும் கையின் பின்புறத் தசையான டிரைசெப்ஸிலும் மின்முனைகளை ஒட்டி, தசையில் ஓடும் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம்வரை ஐந்து எடைகள். முதலில் சும்மா தூக்கச் சொன்னார்கள். பிறகு மார்பை நினைத்து, அதன்பின் டிரைசெப்ஸை நினைத்து. 60 சதவீதம்வரை, நினைத்த தசையில் மின்துடிப்பு கூடியது. 80 சதவீதத்தில் எதை நினைத்தாலும் மாற்றம் இல்லை.

இதற்கு விளக்கம் கடினமானதல்ல. எடை லேசாக இருக்கும்போது உடலுக்குத் தேர்வு இருக்கிறது. இந்தத் தசையைக் கொஞ்சம் அதிகமாகப் பயன்படுத்தலாம், அந்தத் தசையைக் குறைக்கலாம், ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கவும் செய்யலாம். எடை உச்சத்தை நெருங்கும்போது பாரை மேலே கொண்டுபோக எல்லாத் தசையும் முழு மூச்சில் இறங்கியாக வேண்டும். தேர்வே இல்லாத இடத்தில் கவனத்துக்கு வேலையும் இல்லை.

இப்போது கைக்கும் காலுக்கும் வரலாம். லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் முதுகும் இடுப்பும் சீட்டில் பதிந்திருக்கின்றன. முழங்காலை நீட்டுவதற்கு உடலில் இருப்பது தொடையின் முன்பக்கத் தசைக்கூட்டம் ஒன்றுதான். ஒருவர் தொடையை நினைத்தாலும், சுவரை நினைத்தாலும், மதியச் சாப்பாட்டை நினைத்தாலும் அந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாது. நின்றபடி செய்யும் கர்ல் அப்படியல்ல. முழங்கையை முன்னால் நகர்த்தினால் தோள் உதவிக்கு வரும். இடுப்பை ஆட்டினால் முதுகும் காலும் பாரை உந்திவிடும். எடையை மேலே கொண்டுபோவதுதான் குறிக்கோள் என்று மூளை எடுத்துக்கொண்டால், உடல் மிகச் சிக்கனமான வழியைத் தேடும். பைசெப்ஸுக்குப் போக வேண்டிய சுமையில் ஒரு பங்கு வழியிலேயே கைமாறிவிடும். தசையை நினைக்கச் சொல்வது இந்தக் கசிவை அடைக்கிறது என்று எடுத்துக்கொண்டால் கையின் கணக்கும் காலின் கணக்கும் ஒன்றாகப் பொருந்துகின்றன. ஆய்வாளர்கள் வேறொரு வாய்ப்பையும் சொல்கிறார்கள். அன்றாட வேலைகளில் கையைத்தான் நுணுக்கமாகப் பயன்படுத்துகிறோம் என்பதால், புதிதாகப் பயிற்சிக்கு வந்தவரால் கைத்தசையை உணர்ந்து இயக்குவது எளிதாகவும் தொடைத்தசையை அப்படி உணர்வது கடினமாகவும் இருந்திருக்கலாம். இரண்டுமே உண்மையாக இருக்க இடம் உண்டு.

இதே காரணத்தால்தான் லாட் புல்டவுன் செய்யும் பலர் முதுகில் எதுவுமே தெரியவில்லை, கை மட்டும் சோர்ந்துபோகிறது என்று சொல்கிறார்கள். அங்கும் வேலையைத் திருடிக்கொள்ள ஒரு தசை தயாராக இருக்கிறது. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், எடைப்பயிற்சி அதிகம் அறியாத பெண்களிடம் கையைவிட்டு முதுகால் இழுக்கும்படி சொல்லிக்கொடுத்தவுடன், உச்சத்தில் 30 சதவீதம் போன்ற லேசான எடையில் முதுகுத் தசையின் மின்துடிப்பு கூடியது.

ஆனாலும் மின்துடிப்பு கூடினால் தசை வளரும் என்று நேராகத் தாவிவிடக் கூடாது. தோலின்மேல் ஒட்டும் மின்முனை காட்டுவது அந்த நொடியில் தசைக்கு வரும் சமிக்ஞையின் அளவு. மாதக்கணக்கில் நடக்கும் வளர்ச்சியை அது அளப்பதில்லை. லேசான எடையைச் சோர்வடையும்வரை தூக்கும்போது மின்துடிப்பு கனமான எடையில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் தசை ஏறக்குறைய அதே அளவு வளர்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே மின்துடிப்பு ஆய்வுகளைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ள முடியாது. தீர்ப்புக்கு அருகில் வரும் நீண்டகால அளவீடு என்று கையில் இருப்பது 2018 ஆய்வுதான். அது புதியவர்களிடம், எட்டு வாரத்தில், இரண்டு பயிற்சிகளில் செய்யப்பட்டது. பத்து வருடம் ஜிம்மில் பழகியவர் ஏற்கெனவே சரியாகவே தூக்குகிறார் என்றால், அவரிடம் அடைப்பதற்குக் கசிவே மிச்சமிருக்காது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஓர் எதிர்க்குரல் உண்டு, அதை ஒதுக்க முடியாது. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியிலிருந்து கவனத்தையும் உடலியக்கத்தையும் ஆராய்ந்து வருகிறார். தன் உடலுறுப்பை நினைத்து இயங்குவதைவிட, இயக்கத்தின் விளைவை நினைத்து இயங்கும்போது மனிதர்கள் நன்றாகச் செயல்படுகிறார்கள் என்பது அவர் கண்டது. காலை நினைப்பவரைவிடத் தரையை உதைத்துத் தள்ளுவதை நினைப்பவர் உயரம் தாண்டுகிறார். தானாக ஓடும் இயக்கத்தில் நனவு மூக்கை நுழைத்தால் அது விறைத்துப்போகிறது என்று வுல்ஃப் விளக்குகிறார். கை மடக்கும் பயிற்சியிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். எடையை நினைத்தவர்களின் தசையில் மின்துடிப்பு குறைவாக இருந்தது. அதாவது, குறைந்த முயற்சியில் அதே வேலை நடந்தது.

பார்ப்பதற்கு இது ஜிம் மாஸ்டரின் அறிவுரைக்கு நேரெதிர். உண்மையில் இரண்டும் ஒரே நாணயத்தைத்தான் விவரிக்கின்றன. வெளியே கவனம் வைத்தால் உடல் சிக்கனமாக இயங்குகிறது. குத்துச்சண்டை வீரருக்கும் பளுதூக்கும் வீரருக்கும் வேண்டியது அந்தச் சிக்கனம். தசையை வளர்க்க நினைப்பவருக்கோ குறிப்பிட்ட ஒரு தசை வீண்செலவு செய்ய வேண்டும். எடை மேலே போனதா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம், எந்தத் தசை அதைக் கொண்டுபோனது என்பதுதான் முக்கியம். ஆகவே, கனமான ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற பல மூட்டுகள் சேர்ந்து இயங்கும் பயிற்சிகளில் தொடையை நினைத்துக்கொண்டு இறங்குவது வீண். சில சமயம் ஆபத்தும்கூட. அங்கே பாதத்தால் தரையைத் தள்ளுவதையும், பார் நேர்கோட்டில் ஏறுவதையும் நினைப்பதே சரி.

அப்படியானால் கவனத்தை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது? தொடக்கத்தில் பார்த்த பையனையே எடுத்துக்கொள்வோம். பாரோடு சேர்த்து 30 கிலோவில் அவன் பத்து முறை தூக்குகிறான், அதில் கடைசி மூன்று இடுப்பாட்டத்தில் வந்தவை. மாஸ்டர் முதலில் எடையை 20 கிலோவுக்கு இறக்குகிறார். பையனுக்கு முகம் சுருங்குகிறது.

“மாஸ்டர், இது ரொம்ப லேசா இருக்கு.”

“லேசாதான் இருக்கும். முதுகைச் சுவத்துல சாய்ச்சு நில்லு. முழங்கை விலாவை விட்டு நகரக் கூடாது. இப்ப தூக்கு, பார்ப்போம்.”

சுவரில் சாய்ந்தவுடன் இடுப்பாட்டம் நின்றுவிடுகிறது. முதல் செட்டில் பையன் தன் இடது கையால் வலது பைசெப்ஸைத் தொட்டுக்கொண்டு, வலது கையில் ஒரு சிறிய டம்பெல்லை மட்டும் மடக்கிப் பார்க்கிறான். தசை எங்கே தொடங்கி எங்கே திரள்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும்போது திரட்சி கூடுவதும் தெரிகிறது, ஏனென்றால் முன்கையை அப்படித் திருப்புவதும் பைசெப்ஸின் வேலைதான். பிறகு பாரை எடுக்கிறான். மேலே கொண்டுபோக ஒரு நொடி, உச்சியில் ஒரு கணம் இறுக்கம், கீழே இறக்க இரண்டு மூன்று நொடி. லேசாக இருக்கிறது என்று சொன்ன 20 கிலோ பதின்மூன்றாவது முறையில் நடுவழியில் நின்றுவிடுகிறது. முழங்கை நகராமல், தோள் ஏறாமல், பைசெப்ஸ் தானாகக் கைவிட்ட இடம் அது. செட் அங்கே முடிய வேண்டும்.

தவறு நடக்கும் இடங்களும் இங்கேதான். சிலர் தசையை உணர வேண்டும் என்ற ஆசையில் எடையைக் குறைத்துக்கொண்டே போய், இன்னும் பத்து முறை தூக்கும் தெம்பு இருக்கும்போதே செட்டை முடித்துவிடுகிறார்கள். பெரிய இழைகள் வேலைக்கு வருவதற்கு முன்பே கடை சாத்தப்படுகிறது. எவ்வளவு உணர்ந்தாலும் அந்தச் செட்டால் பெரிய பயன் இல்லை. வேறு சிலர் எரிச்சலையும் தசை புடைப்பையும் வளர்ச்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். எரிச்சல் என்பது தசைக்குள் சேரும் வேதிப்பொருட்களின் விளைவு, புடைப்பு என்பது அங்கே தேங்கும் நீரும் ரத்தமும். மணிக்கணக்கில் இரண்டும் அடங்கிவிடும். எரிகிறதா என்று கேட்பதைவிட, கடைசி மூன்று முறை முதல் மூன்றைப் போலவே இருந்தனவா என்று கேட்பது மேல். கைப்பேசியைச் சுவர் ஓரம் சாய்த்து வைத்துப் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

செட்டின் எல்லா முறையிலும் தசையை நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி. கடைசி இரண்டு மூன்று முறையில், எடை உண்மையிலேயே கனத்துப்போகும்போது, பலருக்குத் தசையை நினைப்பதால் ஒரு முறை குறைந்துபோகிறது. உடல் அமைப்பு குலையாத வரைக்கும் அந்த இடத்தில் எடையை மேலே தள்ளுவதை மட்டும் நினைப்பதில் இழப்பு எதுவும் இல்லை. சோர்வே அப்போது எல்லா இழைகளையும் எழுப்பிவிட்டிருக்கும். கவனத்தின் வேலை அதற்கு முந்தைய முறைகளில், சுமை சரியான தசைக்குப் போய்ச் சேர்வதை உறுதி செய்வதோடு முடிந்துவிடுகிறது.

கிடைக்கும் லாபத்தின் அளவையும் கண்முன் வைத்துக்கொள்வது நல்லது. மேற்கை முன்பக்கத் தசை 30 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 12.4 சதவீத வளர்ச்சி என்பது சுமார் 3.7 மில்லிமீட்டர். 6.9 சதவீதம் என்பது சுமார் 2.1. எட்டு வாரத்தில் இரண்டுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அல்ட்ராசவுண்டு அதைப் பிடித்துவிடும், தையற்காரரின் டேப் பிடிக்காது. டேப்பை விரல்நுனி அளவு மேலே கீழே நகர்த்தினாலே அதைவிடப் பெரிய மாற்றம் தெரியும். கண்ணாடியில் தேடினாலும் கிடைக்காது.

அதனால் பையனுக்கு மாஸ்டர் கொடுப்பது ஒரு சின்ன நோட்டு. தேதி, எடை, முழங்கை நகராமல் வந்த முறைகளின் எண்ணிக்கை, இந்த மூன்றை மட்டும் எழுதச் சொல்கிறார். ஆட்டிக் குலுக்கித் தூக்கியவை கணக்கில் சேராது. 20 கிலோவில் 13 என்று தொடங்கும் எண் 15ஐத் தாண்டும்போது இரண்டரை கிலோ ஏற்ற வேண்டும். மூன்று வாரமாகியும் எண் நகரவில்லை என்றால், நினைப்பை விட்டுவிட்டுச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் வாரத்தில் செய்யும் செட்களின் எண்ணிக்கையையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.